செம்பின் நிழல் ஆரஞ்சின் மேல் விழுந்தால்

"இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில் பித்தளைச் செம்பு, அதற்கு வலப்பக்கம் ஓர் ஆரஞ்சு, கீழே வெள்ளைத் துணி வைத்து வரைந்தேன். தனித்தனியாக நன்றாக இருக்கின்றன. சேர்த்துப் பார்த்தால் ஒட்டவில்லை. வெளிச்சத்தில் எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

நிறத்தை விட்டுவிட்டு முதலில் ஒரு நூலை எடுங்கள். செம்பின் அடியிலிருந்து அதன் நிழலின் நடுவழியே நூலைப் பிடித்து இடப்பக்கம் நீட்டிப் பாருங்கள். ஆரஞ்சுக்கும் அப்படியே. இரண்டு கோடுகளும் ஏறக்குறைய இணையாகப் போகலாம், அல்லது ஜன்னல் பக்கம் நெருங்கலாம். வலப்பக்கம் நெருங்கினாலோ செம்புக்கும் பழத்துக்கும் நடுவில் வெட்டிக்கொண்டாலோ தப்பு. நேர் வெயிலில் வரைந்தால் இந்தத் தப்பு சுலபமாக வந்துவிடும். காலையில் செம்பையும் மதியம் பழத்தையும் வரைந்து நானே மாட்டியிருக்கிறேன்.

அடுத்து, செம்பின் நிழல் ஆரஞ்சின் மேல் விழுகிறதா என்று பாருங்கள். எனக்கு இங்கேதான் சந்தேகம். விழவில்லை என்றால், பழத்தின் வெளிச்சம் பட்ட இடப்பக்கம் செம்பின் இருண்ட வலப்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கும். அப்போது பித்தளையில் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று, செம்பின் வளைவுக்கேற்ப நெளிந்து தெரிய வேண்டும். நிழல் பழத்தை மூடிவிட்டால் அந்தப் பிரதிபலிப்பும் மங்க வேண்டும். பழத்தை நிழலில் வைத்துவிட்டு செம்பில் மட்டும் பிரகாசமான ஆரஞ்சுக் கீற்றைத் தீட்டினால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாமலே உறுத்தும்.

பழத்தின் அடிப்பக்க இருட்டிலும் துணியிலிருந்து எழும் வெளிச்சம் கொஞ்சம் தெரியும். அது, வெளிச்சப் பக்கத்தில் உள்ள மிக மங்கலான இடத்தைவிட இருட்டாகவே இருக்கட்டும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இருட்டுப் பகுதி ஒரே திட்டாகச் சேராமல் அடியில் ஒரு பட்டை தனியாக மின்னினால் குறைத்துவிடுங்கள். பளபளக்கும் பித்தளைக்கு மட்டும் இந்த விதி செல்லாது. அது கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதைத்தான் காட்டும்.

அப்புறம் நிழலின் ஓரம். ஜன்னல் 90 செ.மீ. அகலம், செம்பிலிருந்து 180 செ.மீ. தூரம் என்று வையுங்கள். அகலம் தூரத்தில் பாதி. அதனால் நிழலை உண்டாக்கும் விளிம்பிலிருந்து அது விழும் இடம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதில் சுமார் பாதி அளவுக்கு ஓரம் கரையும். செம்பின் அடியில் 1 செ.மீ. தள்ளி அரை செ.மீ. மங்கல்தான். வாய் விளிம்பின் நிழல் 20 செ.மீ. தள்ளி விழுந்தால் 10 செ.மீ. வரை கரைந்துவிடும். உங்கள் படத்தில் நிழல் முழுக்க ஒரே கூர்மையில் இருந்தால், துணியில் கத்தரித்து ஒட்டியது போலத் தெரியும். காய்ந்த பிரஷ்ஷால் நுனிப்பக்க ஓரத்தை மட்டும் இழுத்துவிடுங்கள். அடியில் கை வைக்காதீர்கள், வைத்தால் செம்பு மிதக்கும்.