மாம்பழ விளம்பரத்தைத் தளத்துக்கேற்பச் சுருக்குவது எப்படி?

"போச்சம்பள்ளித் தோட்டத்துச் செந்தூரா மாம்பழத்துக்கு ஃபேஸ்புக்கில் எழுதியதையே எக்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறேன், பாதியில் வெட்டுப்படுகிறது. என்ன செய்வது?"

பத்தியை வாலிலிருந்து வெட்டாதீர்கள். முன்பதிவு செய்யும் வழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முதலில், எந்தத் தளத்திலும் மாறாத ஒரு வரியை எழுதிக்கொள்ளுங்கள்: "கல் வைக்காமல் வைக்கோலில் பழுத்த செந்தூரா, சனிக்கிழமைக்குள் பதிவு செய்தால் ஞாயிறு வீட்டுக்கு வரும்."

எக்ஸில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்துகள் என்றாலும், புள்ளியும் துணைக்காலும் தனித்தனியே எண்ணப்படுவதால், நமக்கு ஐந்தெழுத்தான 'மாம்பழம்' அங்கே எட்டாகிறது. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 போய்விடும். ஆகவே அங்கே அந்த வரியும் இணைப்பும் போதும். இன்ஸ்டாகிராம் 2,200 எழுத்துகள் வரை ஏற்றாலும், தொடக்கத்தில் ஏறத்தாழ 125 மட்டுமே கண்ணில் படும் என்பதால், "கல் வைக்காமல்" என்பது முதல் வரியிலேயே வர வேண்டும். விளக்கத்தில் இடும் இணைப்பு அங்கே சொடுக்கினால் திறக்காது, எனவே "முகப்பில் உள்ள இணைப்பில் பதியுங்கள்" என்று மாற்றுங்கள். தோட்டத்துக் கதையை விரித்துச் சொல்ல ஃபேஸ்புக்கே ஏற்ற இடம்.

தொனி மாறலாம், சொல் மாறக்கூடாது. நான் ஒருமுறை சுருக்கும் அவசரத்தில் "கல் வைக்காமல்" என்பதை "இயற்கையான" என்று மாற்றினேன் (அழகாகத்தான் இருந்தது), கீழே வந்த முதல் கேள்வியே, "கல் வச்சதா, வைக்காததாங்க?" என்பதுதான். பதிவு ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டியதை வாசகர் கேட்கிறார் என்றால், சுருக்கத்தில் செய்தி உதிர்ந்துவிட்டது என்று பொருள்.