எழுத்து இரட்டையாக விழுந்தால் ஹெட் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருக்கிறேன். இரண்டிலும் மை நிரப்பி வாங்கிப் போட்டதிலிருந்து எழுத்துகள் நிழல் விழுந்ததுபோல் இரட்டையாகத் தெரிகின்றன. படங்களில் வானம் இளஞ்சிவப்பாகவும் இலைகள் மஞ்சளாகவும் வருகின்றன. பழுதுபார்ப்பவர், “ஹெட் போய்விட்டது, புதுப் பிரிண்டர் வாங்குவதுதான் நல்லது” என்கிறார். உண்மையா?

பதில்: அவர் எந்தத் தாளைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள். ஹெட் என்பது மையைத் தெளிக்கும் பகுதி, அதில் இருக்கும் நுண்ணிய துளைகள்தான் நாசில்கள். நாசில் சோதனைத் தாளை அச்சிட்டுப் பார்க்காமல் ஹெட்டைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதை அச்சிட இரண்டு நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாமல் “ஹெட் போய்விட்டது” என்பவரிடம் பிரிண்டரைக் கொடுக்காதீர்கள். உங்களுடையதைப் போன்ற இரண்டு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்களில் பெரும்பாலும் ஹெட் பிரிண்டரில் இருப்பதே இல்லை, கார்ட்ரிட்ஜின் அடியில்தான் இருக்கிறது. அது உண்மையிலேயே போயிருந்தாலும் மாற்ற வேண்டியது ஒரு கார்ட்ரிட்ஜ்தான். நல்ல பிரிண்டரைக் குப்பைக்கு அனுப்பச் சொல்லும் இந்த யோசனையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

உங்களிடம் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. நிறத்தை முதலில் சரிசெய்யுங்கள், இரட்டை எழுத்தை அடுத்துப் பார்க்கலாம். இரட்டை எழுத்துக்கு மருந்து அலைன்மென்ட், அதாவது புள்ளிகள் சரியான இடத்தில் விழும்படி ஒழுங்குபடுத்துவது. அதற்கான தாளில் கலர் கோடுகளும் அச்சாகின்றன. ஒரு நிறம் விழாத நிலையில் அலைன்மென்டைச் செய்தால் பிரிண்டர் பாதியில் நிறுத்திவிடும், இல்லையென்றால் தவறான அளவைப் பதிந்துகொள்ளும்.

வானம் இளஞ்சிவப்பு, இலை மஞ்சள் என்ற உங்கள் விவரமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பிரிண்டர் நீலத்தைச் சயான் என்ற வெளிர்நீல மையும் மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு மையும் கலந்து காட்டும், பச்சையைச் சயானும் மஞ்சளும் கலந்து காட்டும். இரண்டிலும் பொதுவானது சயான். அது விழவில்லை. நாசில் சோதனைத் தாளை அச்சிடுங்கள். அது கணினியில் பிரிண்டருக்கான Maintenance பகுதியில் Nozzle Check என்றோ, பிரிண்டரின் திரையில் Print Quality Report என்றோ இருக்கும். எல்லோருக்கும் அடிக்கடி தேவைப்படும் ஒன்றை மூன்று மெனுக்களுக்குள் ஒளித்துவைப்பது தயாரிப்பாளர்களின் வழக்கம், தேடித்தான் எடுக்க வேண்டும்.

தாளில் சயான் கோடுகள் எப்படி விட்டுப்போயிருக்கின்றன என்று கூர்ந்து பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டிருந்து, பிரிண்டரே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் ஹெட் கிளீனிங்கைச் செய்தபின் இடைவெளிகள் இடம் மாறினால் அது மை அடைப்பு. கோடுகள் ஒரே சீரான இடைவெளியில் விட்டிருந்தாலோ, ஒரு பட்டை மொத்தமாக வெறுமையாக இருந்து ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் அப்படியே நின்றாலோ, மின்தொடர்பைச் சந்தேகியுங்கள். ஒரு தொடர்புப் புள்ளி பல நாசில்களை இயக்குகிறது. அதில் மை படிந்தால் அந்தக் கூட்டம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்துவிடும். மை நிரப்பி வாங்கிய கார்ட்ரிட்ஜில் இது மிகச் சாதாரணம். அளவுக்கு மேல் நிரப்பியபோது வழிந்த மை பின்பக்கம் இறங்கிக் காய்ந்திருக்கும்.

சுத்தம் செய்யும் முறை இது. பிரிண்டர் இயங்கும்போதே மூடியைத் திறந்து, கார்ட்ரிட்ஜ் தாங்கி நடுவுக்கு வந்து நின்றதும் மின்இணைப்பைப் பிடுங்குங்கள். கார்ட்ரிட்ஜைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். பின்பக்கம் செம்பு நிறத்தில் சிறு புள்ளிகள் வரிசையாக இருக்கும், அவைதான் தொடர்புகள். அடியில் இருக்கும் பளபளப்பான தகட்டில்தான் நாசில்கள் இருக்கின்றன, அதைத் தொடக் கூடாது. நூல் பிரியாத துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, செம்புப் புள்ளிகளை மட்டும் நாசில் தகட்டிலிருந்து விலகும் திசையில் துடையுங்கள். துணியில் மை ஒட்டுவது நிற்கும் வரை இடம் மாற்றி மாற்றித் துடையுங்கள். தாங்கியின் உள்ளே இதற்கு எதிராக இருக்கும் சிறு முனைகளையும் அதேபோல் மெதுவாகத் துடையுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பத்து நிமிடம் உலரவிட்டு, ‘க்ளிக்’ என்று பொருந்தும்படி திரும்பப் போடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் கார்ட்ரிட்ஜை வெளியே வைக்காதீர்கள், நாசிலில் மை காய்ந்துவிடும். பென்சில் அழிப்பானால் தேய்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். அது முலாமை உரித்துவிடும்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதில்தான் அதிகம் பேர் ஏமாற்றப்படுகிறார்கள். சில பிரிண்டர்களில் கார்ட்ரிட்ஜ் வெறும் மைப் பெட்டிதான், ஹெட் பிரிண்டரோடு இருக்கும். எப்சன் பிரிண்டர்கள் அப்படிப்பட்டவை. கார்ட்ரிட்ஜின் அடியில் நாசில் தகடு இல்லாமல் மை வெளியேறும் ஒரு துளையும், பக்கத்தில் சிறு சிப்பும் மட்டும் இருந்தால் உங்களுடையதும் அந்த வகை. அந்தச் சிப்பின் தொடர்புகள் இது எந்தக் கார்ட்ரிட்ஜ், எவ்வளவு மை மிச்சம் என்ற தகவலைத்தான் சொல்கின்றன. மையைத் தெளிக்கும் வேலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ‘கார்ட்ரிட்ஜை அடையாளம் காண முடியவில்லை’ என்ற செய்தி வந்தால் அவற்றைத் துடைப்பதில் பயன் உண்டு. நிறம் மாறுவதற்கு அவற்றைத் துடைத்து, “காண்டாக்ட் சர்வீஸ்” என்று கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த வகையில் நிறம் விழாததற்குப் பெரும்பாலும் அடைப்புதான் காரணம்.

அடைப்புக்கு ஹெட் கிளீனிங் இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை போதும். ஒவ்வொன்றுக்குப் பின்னும் சோதனைத் தாளை அச்சிட்டு ஒப்பிடுங்கள். சரியாகவில்லையென்றால் ஓர் இரவு விட்டுவிட்டுப் பாருங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் மை முழுவதும் கழிவுப் பஞ்சுக்குத்தான் போகும். மை நிரப்பித் தருபவருக்குத்தான் அதில் லாபம்.

நிறம் சரியானதும் அலைன்மென்ட் செய்யுங்கள். ஹெட் இடமிருந்து வலமாகப் போகும்போதும் அச்சிடுகிறது, திரும்பும்போதும் அச்சிடுகிறது. இரண்டு பயணத்திலும் புள்ளிகள் ஒரே இடத்தில் விழாவிட்டால் எழுத்துக்கு நிழல் வந்துவிடும். புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டால் பல பிரிண்டர்கள் தாமாகவே அலைன்மென்ட் தாளை அச்சிடும். மை நிரப்பிய பழையதையே போட்டால் எதுவும் கேட்காமல் இருந்துவிடலாம். நீங்களே Align Cartridges அல்லது Head Alignment என்பதைத் தேர்ந்தெடுங்கள். கசங்காத வெள்ளைத் தாளைப் பயன்படுத்துங்கள். ஸ்கேனர் உள்ள பிரிண்டர் என்றால் அச்சான தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கச் சொல்லும். ஸ்கேனர் இல்லையென்றால், எந்தக் கட்டத்தில் கோடு நேராக இருக்கிறது என்று நீங்களே பார்த்து அதன் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் எழுத்து இரட்டையாகவே விழுந்தால், பிரிண்டர் அமைப்பில் Bidirectional அல்லது High Speed என்று இருப்பதை நீக்கிவிட்டு ஒரு பக்கம் அச்சிடுங்கள். நிழல் மறைந்தால் இருவழிப் பயணத்தில்தான் பிசகு இருக்கிறது, அலைன்மென்டை இன்னொரு முறை செய்யுங்கள். மறையாவிட்டால் தாங்கிக்குப் பின்னால் இடமிருந்து வலமாக ஓடும் ஒளி ஊடுருவும் மெல்லிய பட்டையைப் பாருங்கள். அதில் நெருக்கமாக இருக்கும் மிக நுண்ணிய கோடுகளைப் படித்துத்தான் ஹெட் தன் இடத்தை அறிகிறது. மையோ எண்ணெயோ படிந்திருந்தால் பிரிண்டரை அணைத்து, லேசாக ஈரமான துணியால், பட்டையை இழுக்காமல், அதன் நீளவாக்கில் துடையுங்கள். முனையில் இருக்கும் கொக்கியிலிருந்து அது கழன்றுவிடக் கூடாது. கழன்றால் தாங்கி ஓரத்தில் போய் முட்டி நின்றுவிடும்.