குரைப்பு, செல்போன் மணி, இருமல்: ஸ்பெக்ட்ரோகிராமில் எதை எடுக்கலாம், எதை விட வேண்டும்?

கேள்வி: அப்பத்தா கதை சொன்னதை ரெகார்ட் பண்ணினேன். நடுவுல தெருநாய் மூணு தடவை குரைக்குது. வெட்டினா கதையும் சேர்ந்து போகுது. எடிட் பண்ண ஆடாசிட்டி மட்டும்தான் இருக்கு.

நீங்கள் அனுப்பிய துண்டைத் திறந்து பார்த்தேன். டிராக் பெயருக்குப் பக்கத்து மெனுவில், நேரத்தை இடமிருந்து வலமாகவும் அதிர்வெண்ணைக் கீழிருந்து மேலாகவும் காட்டும் `Spectrogram` படத்தைப் போட்டு, காட்சியின் மேல் எல்லையை 5000 ஹெர்ட்ஸாகக் குறைத்தேன். பேச்சு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். `Window size` 4096. இப்போது அப்பத்தாவின் குரல் 210, 420, 630, 840 என்று படிக்கட்டு மாதிரி அடுக்கிய கோடுகளாகத் தெரிகிறது. நாயின் குரைப்பு அப்படியில்லை. கால் வினாடிக்குள் ஏறி இறங்கும் வில்லாக வளைந்திருக்கிறது.

முதல் குரைப்பு இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே விழுகிறது. அங்கே ஸ்பெக்ட்ரல் வேலையே வேண்டாம். அதே இடைவெளியில், யாரும் பேசாத அரை வினாடியை நகலெடுத்து மேலே ஒட்டி, இரு முனைகளையும் மெல்லக் கலந்துவிடுங்கள். சைலன்ஸ் போட்டால் அறையின் இரைச்சல் திடீரென்று நின்றுவிடும். குரைப்பைவிட அதுதான் காதில் அறையும்.

இரண்டாவது, "ஆத்துக்கு" என்பதில் வரும் நீண்ட ஆகாரத்தின் மேலேயே விழுகிறது. கீழ் வில் 700இலிருந்து 760 வரை போகிறது, அதாவது 630க்கும் 840க்கும் இடைப்பட்ட காலி இடம். அங்கே மட்டும் ஒரு பெட்டி வரைந்து, `Spectral edit parametric EQ`இல் 18 டெசிபல் குறைக்கலாம். அடுத்த வில் 1400 முதல் 1520 வரை. அப்பத்தாவின் 1470 கோடு சரியாக அதற்குள் நிற்கிறது. அங்கே 8 டெசிபலுக்கு மேல் குறைத்தால் "ஆ" மூக்கடைத்த மாதிரி ஆகிவிடும். குரைப்பு முழுசாகப் போகாது, தூரத்துத் தெருவில் கேட்பது போல இருக்கும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

மூன்றாவதை அப்படியே விடுங்கள். அப்பத்தாவே "சனியன்!" என்று திட்டுகிறார். நாயை எடுத்துவிட்டால் யாரைத் திட்டினார் என்று கேட்பவருக்குப் புரியாது.

கேள்வி: எதுக்கு இவ்வளவு பாடு? குரைப்பைத் தேர்ந்து `Noise Reduction`ல ப்ரொஃபைல் எடுத்து ஓட்டினா ஆச்சு. ஃபேன் சத்தத்தை நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

ஃபேனுக்கு நீங்கள் செய்வது சரி, அது முழுக்க ஒரே மாதிரி ஓடுகிறது. குரைப்பு நொடிக்கு நொடி மாறுவது. அந்த ப்ரொஃபைலில் குரைப்பின் சராசரிதான் பதியும். அதை வைத்து ஓட்டினால் குரைப்பு பாதி நிற்க, குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகும். நான் குரைப்பைச் சரிசெய்த பிறகுதான் ஃபேனை எடுப்பேன். முன்னாலேயே எடுத்துவிட்டால் ஒட்டுவதற்கு அறைச் சத்தம் மிஞ்சாது.

கேள்வி: எனக்கு நாய் இல்லை, போன்தான் தொல்லை. ரிங் அடிக்கல, ஸ்பீக்கர்லயும் ரெகார்டிங்லயும் "டிர்ர்-டிட்-டிட்"னு வருது. அதையும் இப்படி எடுக்கலாமா?

அது மணியே இல்லை. ஜிஎஸ்எம் போன் வினாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்புவதை உங்கள் மைக் வயர் பிடித்துக்கொள்கிறது. 217, 434, 651 என்று மேலே வரை கோடுகள் நெருக்கமாக நிற்கும், குரலிலிருந்து பிரிப்பது கடினம். அடுத்த தடவை போனை மைக், வயர் இரண்டிலிருந்தும் தள்ளி வையுங்கள் அல்லது ஃபிளைட் மோடில் போடுங்கள்.

பீப் வகை ரிங்டோன் என்றால் உண்மையிலேயே சுலபம். கோடுகள் நேராக, மெல்லியதாக இருக்கும், ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். பலர் தவறுவது ஒரு இடத்தில்: மணி நின்ற பிறகும் அறை எதிரொலியால் கோடு வலப்பக்கம் மங்கலாக இழுத்துக்கொண்டு போகும். பெட்டியை அது வரை நீட்டாவிட்டால், மணி இல்லாமல் மணியின் வால் மட்டும் கேட்கும். சினிமாப் பாட்டு ரிங்டோன் என்றால் என்னால் ஆகாது.

கேள்வி: சபாவில் ஆலாபனை. நீண்ட கார்வையின் மேல் ஒருவர் இருமிவிட்டார்.

இருமல் கீழிருந்து மேல் வரை செங்குத்துப் பட்டையாக எல்லா அலைவரிசையையும் மூடும். ஐசோடோப் நிறுவனத்தின் ஆர்எக்ஸ் என்ற ஒலி சீரமைப்பு மென்பொருளில் உள்ள `Spectral Repair` இருபுறமும் உள்ள கோடுகளைப் பார்த்து நடுவை நிரப்பும். கார்வை அசையாமல் நின்றிருந்தால் கண்டுபிடிக்க முடியாதபடி வரும். ஆனால் அதே இடத்தில் கமகம் இருந்தால், பாடகர் போட்ட வளைவை மென்பொருள் நேராக்கிவிடும். பாடாத ஸ்வரத்தைப் பாடியதாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை, 6 டெசிபல் மட்டும் தணிப்பேன்.

இன்னொருவர்: நான் அந்த 6கூடத் தொட மாட்டேன். இருமலும் அன்றைய கச்சேரிதானே?

வீட்டில் வைத்துக் கேட்கும் பிரதிக்குச் சரி. வெளியிடப் போகும் பிரதிக்கு நான் தணிக்கத்தான் செய்வேன். மூல வேவ் ஃபைலை மட்டும் தொடாமல் தனியே வைத்திருப்பேன்.