15 நாளில் இரட்டிப்பானால் ஆர் எண் 2 தானே?

"டாக்டருக்கு வணக்கம். நான் பொது சுகாதாரம் படிக்கிறேன். 2014 எபோலா பற்றி ஒரு ஆய்வறிக்கை எழுத வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் குழு அந்த ஆண்டு வெளியிட்ட எண்களில், கினியாவில் நோயாளிகள் 15.7 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பானார்கள், தொடர் இடைவெளி 15.3 நாள் என்று இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு ஒரு இரட்டிப்பு என்றால் ஒருவர் இருவருக்குக் கொடுக்கிறார், ஆர் எண் 2 என்றுதானே வர வேண்டும்? ஆனால் 1.81 என்று போட்டிருக்கிறார்கள். நான் எங்கே தவறினேன்? அறிக்கையில் எந்த எண்ணை எதற்காக எழுதுவது?"

நீங்கள் போட்ட பெருக்கல் சரிதான். ஆனால் ஒவ்வொரு நோயாளியும் தனக்குக் காய்ச்சல் கண்ட பதினைந்தாம் நாள் வாக்கில், முன்னும் பின்னும் இல்லாமல், அடுத்தவருக்குக் காய்ச்சல் வரவைக்கிறார் என்று உங்களை அறியாமல் வைத்துக்கொண்டீர்கள். 15.3 என்பது சராசரி. அதே பட்டியலில் பக்கத்தில் திட்ட விலக்கமும் இருக்கும். அது சுமார் 9 நாள். சிலர் நாலைந்து நாளில் கடத்தினார்கள், சிலரிடமிருந்து நோய் தொற்றியவருக்கு அறிகுறி வர ஒரு மாதம் ஆனது. உங்கள் 2-க்கும் அவர்களுடைய 1.81-க்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தச் சிதறலிலிருந்து வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள, எந்த எண் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். வளர்ச்சி வீதமும் இரட்டிப்பாகும் காலமும் நோயாளிகளை நாள்வாரியாக எண்ணிய வரைபடத்திலிருந்து வருகின்றன. இரண்டும் ஒரே தகவல்தான், ஒன்றைத் தெரிந்தால் மற்றது தெரியும். கினியாவில் 15.7 நாளில் இரட்டிப்பு என்பதும் புதிய நோயாளிகள் தினமும் சுமார் 4.5 சதவீதம் கூடினார்கள் என்பதும் வேறல்ல. யார் யாருக்குக் கொடுத்தார் என்று இந்த எண்ணுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தொடர் இடைவெளி அப்படியல்ல. அது வீடு வீடாகப் போய், 'யாரைப் பார்த்துக்கொண்டீர்கள், அவருக்கு என்றைக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது, உங்களுக்கு என்றைக்கு?' என்று கேட்டுக் கிடைப்பது. கொடுத்தவருக்கு அறிகுறி கண்ட நாளிலிருந்து வாங்கியவருக்கு அறிகுறி கண்ட நாள் வரை உள்ள தூரம் அது. ஆர் எண்ணை நேரடியாக யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் மேலே சொன்ன இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதில் 'நாள்' என்ற அலகே கிடையாது. ஒரு தலைமுறையில் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும், அந்தத் தலைமுறைக்கு எத்தனை நாள் ஆகும் என்று சொல்லாது.

இப்போது சிதறலுக்கு வருவோம். ஒரு நோயாளி சராசரியாக இருவருக்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். முதல் ஊரில் இருவருக்கும் சரியாக 15ஆம் நாள் அறிகுறி வருகிறது. அங்கே இரட்டிப்பாகும் காலம் 15 நாள். இரண்டாம் ஊரில் ஒருவருக்கு 6ஆம் நாளிலும் மற்றவருக்கு 24ஆம் நாளிலும் வருகிறது. சராசரி அதே 15, ஆர் எண் அதே 2. ஆனால் 6ஆம் நாளில் விழுந்தவர், மற்றவர் வருவதற்குள் தன் பங்குக்கு ஒருவரை விழவைத்திருப்பார், அவரும் அடுத்தவரை விழவைத்திருப்பார். முன்கூட்டிக் கைக்கு வந்த பணம் கூட்டு வட்டியில் குட்டி போடுவதுபோலத்தான் இது. கணக்குப் போட்டால் இந்த ஊரில் இரட்டிப்பு சுமார் 13 நாளிலேயே நடந்துவிடுகிறது. இதையே திருப்பிப் பாருங்கள்: இடைவெளிகள் சிதறியிருக்கும் ஊரில் 15 நாளில்தான் இரட்டிப்பாகிறது என்றால், ஆர் எண் 2-க்குக் கீழேதான் இருக்க முடியும்.

இடைவெளிகள் காமா பரவலில் அமைவதாக எடுத்துக்கொண்டால் (தொற்றுநோய்க் கணக்கில் வழக்கமாக எடுப்பதுதான்) இரண்டு வரியில் வேலை முடிந்துவிடும். Td இரட்டிப்பாகும் காலம், T சராசரித் தொடர் இடைவெளி, s அதன் திட்ட விலக்கம்:

```
r = ln(2) / Td
k = (T / s)^2
R = (1 + r*T/k)^k
```

கினியாவுக்கு r = 0.693 / 15.7 = 0.0441. T 15.3, s 9 என்று போட்டால் k = 2.89. அடைப்புக்குறிக்குள் 1.234 வரும், அதை 2.89 அடுக்குக்கு உயர்த்தினால் 1.83. வெளியான 1.81-க்கு ஒட்டி வந்துவிட்டோம். லைபீரியாவையும் சோதித்துப் பாருங்கள். அங்கே இரட்டிப்பு 23.6 நாள், இதே சூத்திரம் 1.52 தருகிறது, குழு தந்தது 1.51. சியரா லியோனில் 30.2 நாள், நமக்கு 1.39, அவர்களுக்கு 1.38. அவர்கள் செய்த கணக்கு இதைவிட நுணுக்கமானது. ஆனாலும் ஒரு தாளில் போடும் கணக்கு இவ்வளவு நெருங்கி வந்தால், எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று நம்பலாம். எந்த ஆய்வைப் படித்தாலும் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது என் பழக்கம்.

எதை எதற்கு எழுதுவது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு எபோலாவைவிடத் தட்டம்மை நல்ல உதாரணம். தடுப்பூசி இல்லாத சமூகத்தில் தட்டம்மையின் ஆர் எண் 12 முதல் 18 வரை என்பார்கள், தொடர் இடைவெளி சுமார் 12 நாள். 1918-இன் இன்ஃப்ளூயன்சாவுக்கு ஆர் எண் ஏறத்தாழ 2, இடைவெளி சுமார் 3 நாள் என்று வைப்போம். சிதறலை விட்டுவிட்டுப் போட்டால், ஆர் எண் 15 உள்ள தட்டம்மையும் 2 உள்ள ஃப்ளூவும் இரண்டுமே மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்! மருத்துவமனைக் கட்டில்கள் எத்தனை நாளில் நிரம்பும் என்று கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பதில் தலைகீழாகிவிடும். ஃப்ளூவில் பரவலைப் பாதியாகக் குறைத்தால் போதும், தட்டம்மையில் 93 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். ஆகவே கட்டில், ஆட்கள், இன்னும் எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று பேசும் பத்தியில் இரட்டிப்பாகும் காலத்தை எழுதுங்கள். எவ்வளவு தடுக்க வேண்டும் என்று பேசும் பத்தியில் ஆர் எண்ணை எழுதுங்கள். தொடர்புத் தடமறிதலுக்கு எத்தனை நாள் அவகாசம் உண்டு என்பது தொடர் இடைவெளியின் கேள்வி. நடுராத்திரித் தொலைக்காட்சி விவாதங்களில் ஆர் எண்ணையே வேகம் என்று பேசுகிறார்கள், அதைப் பின்பற்ற வேண்டாம்.

இந்த மூன்றில் அதிகம் ஏமாற்றுவது தொடர் இடைவெளி. 2020 ஜனவரியில் வூகானின் முதல் 425 கோவிட் நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் அது 7.5 நாள் என்று வந்தது. அதற்குக் கையில் இருந்தவை, கொடுத்தவரும் வாங்கியவருமாக, ஆறே ஆறு இணைகள். பிறகு நிறைய இணைகள் கிடைத்தபோது பல ஆய்வுகளில் அது 4, 5 நாளுக்கு இறங்கியது. மூன்று நாளில் இரட்டிப்பாகும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு மேலே உள்ள சூத்திரத்தில், அந்தந்த ஆய்வின் திட்ட விலக்கத்தோடு, 7.5 நாளைப் போட்டால் ஆர் எண் 4.4 வரும், 4.7 நாளைப் போட்டால் 2.5. நோயும் ஊரும் வரைபடமும் அதேதான், இடைவெளி மட்டும்தான் மாறியது.

எபோலாவில் இன்னொரு சிக்கல் உண்டு. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு அடக்கம் செய்யும் சடங்குகளில் தொற்று கடந்தது. நீண்ட இடைவெளிகளில் ஒரு பகுதி அங்கிருந்து வருவது. பாதுகாப்பான அடக்கமும் சீக்கிரமாகத் தனிமைப்படுத்துவதும் நடைமுறைக்கு வந்தால் அந்த நீண்ட வால் வெட்டுப்படும், சராசரி இடைவெளியே குறையும். பழைய 15.3-ஐயே அப்போதும் பயன்படுத்தினால், நோய் ஏறும்போது ஆர் எண் உள்ளதைவிட அதிகமாகவும், இறங்கும்போது உள்ளதைவிடக் குறைவாகவும் தெரியும். எந்தத் தேதிவரையிலான இணைகள் என்று உங்கள் அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

வளர்ச்சி வீதத்தில் தவறு வருவது பெரும்பாலும் தேதியில். அறிகுறி கண்ட தேதியை எடுக்க வேண்டும், அறிக்கை வந்த தேதியை அல்ல. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தட்டம்மைப் பரவலுக்கு வரைபடம் போட்டு, திங்கட்கிழமை தோறும் நோய் பாய்கிறது என்று மேலதிகாரியிடம் சொன்னேன். ஞாயிறு ஆய்வகம் திறப்பதில்லை என்பதுதான் நான் கண்டுபிடித்த உண்மை. அதேபோல் கடைசி ஒரு வாரம், பத்து நாள் எப்போதும் இறங்குவதுபோலத் தெரியும், ஏனென்றால் அந்த நோயாளிகள் இன்னும் பட்டியலுக்கு வந்து சேரவில்லை. அந்தப் பகுதியை விட்டுவிட்டுக் கோடு போடுங்கள். மொத்த எண்ணிக்கையை வைத்து இரட்டிப்பாகும் காலம் போடாதீர்கள். அது இறங்கவே இறங்காது, நோய் இறங்கத் தொடங்கிய பிறகும் கூடிக்கொண்டிருப்பதாகவே காட்டும். ஒன்று மட்டும் ஆறுதல்: பாதி நோயாளிகள் எப்போதுமே பதிவாகாமல் போனாலும் வளர்ச்சி வீதம் கெடாது, அந்தப் பாதி மாறாமல் இருக்கும்வரை. சோதனை திடீரெனக் கூடினாலோ, ஆய்வகம் திணறிப் பதிவு குறைந்தாலோதான் வீதம் பொய் சொல்லும்.

முன்கணிப்பு எழுதுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தக் குழு 2014 செப்டம்பர் 14 வரையிலான தரவை வைத்து, பரவல் இப்படியே தொடர்ந்தால் நவம்பர் 2-க்குள் மூன்று நாடுகளிலும் சேர்த்து 20,000-க்கு மேல் போகும் என்று சொன்னது. அந்தத் தேதியில் பதிவானவை 13,000 அளவில்தான். லைபீரியாவில் வளர்ச்சி வீதம் இடையிலேயே திரும்பிவிட்டது. வரைபடத்தின் கோட்டை முன்னால் நீட்டும்போது, 'இப்படியே தொடர்ந்தால்' என்ற நிபந்தனையையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள்.

உங்கள் 2-ஐப் பற்றி இன்னும் ஒன்று. கினியாவின் இரட்டிப்பாகும் காலத்துக்கு அவர்கள் தந்த 95 சதவீத எல்லை 12.9 முதல் 20.3 நாள் வரை, ஆர் எண்ணுக்கு 1.60 முதல் 2.03 வரை. நீங்கள் போட்ட 2-உம் அந்த எல்லைக்குள்ளேயே விழுகிறது.