நெருக்கமான தூண் கம்பியில் லேப்பா, கப்ளரா, வெல்டிங்கா?

கேள்வி: பாளையங்கோட்டையில் தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடி வணிகக் கட்டடம் கட்டுகிறோம். தூண் 300 × 600 மி.மீ., அதில் 12 கம்பி, எல்லாமே 25 மி.மீ. இரு கம்பிகளின் நுனிகளைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்து லேப் போட இடமே இல்லை என்கிறார் கம்பி கட்டுபவர். வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். கம்பி நுனிகளை இணைக்கும் இரும்புக் குழாயான கப்ளருக்குச் செலவிடுவது அவசியமா?

பதில்:

உங்கள் கம்பி கட்டுபவர் சொல்வது உண்மை. ஒரு தாளில் தூணின் குறுக்குவெட்டை வரைந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

300 மி.மீ. முகத்தில் நான்கு கம்பிகள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இருபுறமும் 40 மி.மீ. கவர், 8 மி.மீ. ரிங் போக உள்ளே மிஞ்சுவது 204 மி.மீ. நான்கு கம்பிகளே 100 மி.மீ. எடுத்துக்கொள்கின்றன. மீதி 104 மி.மீ.யை மூன்றாகப் பிரித்தால் கம்பிக்குக் கம்பி சுமார் 35 மி.மீ. 20 மி.மீ. ஜல்லி இறங்க இது போதும். இப்போது நான்கையும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் லேப் போட்டுப் பாருங்கள். எட்டுக் கம்பிகள் 200 மி.மீ., மிச்சம் 4 மி.மீ. அதாவது அது கான்கிரீட் தூண் அல்ல, இரும்புச் சுவர். பாதிக் கம்பிகளை மட்டும் லேப் செய்தாலும் இடைவெளி 18 மி.மீ.தான் வரும். ஜல்லி அங்கேயே தங்கிவிடும், கீழே சாந்து மட்டும் கசியும்.

கீழ்த்தளக் கம்பியின் நுனியை உள்பக்கமாக வளைத்து லேப் போடலாமே என்று கேட்பீர்கள். பெரிய தூணில் அப்படித்தான் செய்ய வேண்டும். 300 மி.மீ. அகலத்தில் உள்ளே தள்ளிய கம்பிகள் வைப்ரேட்டர் ஊசி இறங்கும் வழியை அடைத்துக்கொள்கின்றன. தென்காசி சாலையில் நான் பார்த்துக்கொண்ட ஒரு கட்டடத்தில் இதைத்தான் செய்தோம். பலகையைப் பிரித்தபோது லேப் இருந்த உயரத்தில் மட்டும் முகம் முழுக்கத் தேன்கூடு. சுத்தியலால் தட்டினால் மேலும் கீழும் கணீரென்றது, அந்தப் பகுதி மட்டும் பொத்தென்றது. மூன்று தூண்களை உடைத்துத் திரும்ப வார்த்தோம். அன்றிலிருந்து இப்படிப்பட்ட தூண் வந்தால் முதலில் தாளில் இடைவெளியைக் கணக்கிடாமல் கம்பியைத் தொட விடுவதில்லை.

விதியும் இதையே சொல்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 456 தூணில் 6 சதவீதம் வரை கம்பியை அனுமதித்தாலும், லேப் வரும் இடமென்றால் 4 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. உங்கள் தூணில் இப்போதே 3.3 சதவீதம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் லேப் செய்தால் அந்த மட்டத்தில் 6.5.

இன்னொரு சிக்கல் உயரம். எம்25 கான்கிரீட்டில் எஃப்.இ. 500 கம்பிக்கு இழுவிசை லேப் நீளம் கம்பி விட்டத்தைப் போல் சுமார் 48 மடங்கு, உங்களுக்கு 1.2 மீட்டருக்குச் சற்று மேல். நிலநடுக்க விவரிப்புக்கான ஐ.எஸ். 13920 தூணின் நடுப் பாதி உயரத்தில்தான் லேப் வேண்டும் என்கிறது, ஒரே இடத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. பீமுக்குக் கீழே தூணின் உயரம் 2.85 மீட்டர் என்றால் நடுப் பாதி 1.4 மீட்டர்தான். ஒரு லேப் அடங்கும். மீதிப் பாதிக் கம்பிகளின் லேப்புக்கு அங்கே இடமில்லை. அடுத்த தளத்துக்குத் தள்ளலாம், ஆனால் அங்கும் அதே 18 மி.மீ. காத்திருக்கிறது.

வெல்டிங் வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். டி.எம்.டி. கம்பியைச் சூடாக உருட்டியவுடன் தண்ணீரில் குளிர்விக்கிறார்கள். அதனால் வெளித்தோல் கெட்டியாகவும் உள்ளே மென்மையாகவும் ஆகிறது. வலிமையில் கணிசமான பங்கு அந்தத் தோலில் இருக்கிறது. வெல்டிங் சூடு அதைத் தளர்த்திவிடும். கார்பன் அதிகமுள்ள கம்பியானால், பற்றவைப்பைச் சுற்றி வேகமாக ஆறும் இடம் நொறுங்கும் தன்மை கொள்ளும். கம்பியின் வேதிக்கூறு தெரிந்து, அதற்கேற்ற மின்தண்டும் தேர்ச்சி பெற்ற வெல்டரும் இருந்தால் பற்றவைக்க முடியும், விதியும் அனுமதிக்கிறது. சாரத்தின் மேல் நின்று, நேற்று பெய்த மழையில் நனைந்த மின்தண்டோடு செய்யும் வேலை அது அல்ல. ரிங்கை நிறுத்திவைக்க முதன்மைக் கம்பியில் வைக்கும் சின்னப் பொட்டுகூட ஆபத்து. அப்படிப் பொட்டு வைத்த கம்பியை ஒருமுறை வளைத்துப் பார்த்தேன், சரியாக அந்தப் பொட்டில் முறிந்தது.

ஆகவே கப்ளர். 25 மி.மீ. கம்பிக்கான மரை கப்ளரின் வெளிவிட்டம் சுமார் 40 மி.மீ., நீளம் சுமார் 60 மி.மீ. நான்கையும் ஒரே மட்டத்தில் வைத்தால் அங்கே இடைவெளி 20 மி.மீ. ஆகிவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாக, தரையிலிருந்து 0.9 மீட்டரிலும் 1.5 மீட்டரிலும் வையுங்கள். 27 மி.மீ. கிடைக்கும், அதுவும் ஒரு சாண்கூட இல்லாத உயரத்துக்குத்தான் நெருக்கம். கப்ளரின் மேலேயே ரிங் கட்டாதீர்கள். கட்டினால் ரிங் 7 மி.மீ. வெளியே தள்ளி கவர் குறையும். கப்ளருக்குச் சற்று மேலே ஒன்று, கீழே ஒன்று போதும்.

கப்ளர் கெட்டுப்போவது பெரும்பாலும் கம்பி நுனியில். ஷியர் இயந்திரத்தில் வெட்டிய நுனி நசுங்கிச் சாய்ந்திருக்கும், அதில் மரை முழுதாக விழாது. தகட்டு ரம்பத்தால் நேர்க்கோணமாக வெட்டச் சொல்லுங்கள். நுனியைக் குளிர்நிலையில் அழுத்திப் பருக்க வைத்து மரை போடும் வகையை நான் விரும்புகிறேன், மரை வெட்டிய பிறகும் கம்பியின் பரப்பு குறைவதில்லை. மரை போட்டவுடன் பிளாஸ்டிக் தொப்பி மாட்டி வையுங்கள். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தால் மரையில் துரு ஏறிவிடும்.

பொருத்தும்போது கம்பியில் கப்ளரின் பாதி நீளத்தை அளந்து பெயின்ட் கோடு போடுங்கள். முறுக்கி முடித்ததும் இரு பக்கமும் அந்தக் கோடு கப்ளரின் விளிம்பில் நிற்க வேண்டும். வெளியே மூன்று நான்கு மரை தெரிந்தால் உள்ளே பாதிதான் பிடித்திருக்கிறது. கடைசி இறுக்கத்தை, கப்ளர் தந்தவர் சொல்லும் அளவுக்கு டார்க் குறடால் பாருங்கள்.

முதல் கம்பி ஏற்றும் முன், உங்கள் தளத்துக் கம்பியிலேயே மூன்று மாதிரி செய்து பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் இழுத்துப் பாருங்கள். ஐ.எஸ். 16172 இதற்கான தரம். 25 மி.மீ. எஃப்.இ. 500 கம்பி சுமார் 27 டன் வரை தாங்கவேண்டும், முறிவு கப்ளரை விட்டுத் தள்ளிக் கம்பியில் வரவேண்டும். மரை வழுக்கிக் கழன்றுவந்தால் அந்தத் தொகுதியையே திருப்பி அனுப்புங்கள். நான் ஒருமுறை அனுப்பினேன், காரணம் ஷியரில் வெட்டிய நுனிதான்.

செலவைக் கணக்கிடும்போது மறுபக்கத்தையும் எழுதுங்கள். 25 மி.மீ. கம்பி மீட்டருக்கு 3.85 கிலோ. ஒரு லேப்புக்கு 4.6 கிலோ, 12 கம்பிக்கு ஒரு தூணில் ஒரு தளத்துக்கு 55 கிலோவுக்கு மேல் மிச்சம்.

அடித்தளத்திலிருந்து கம்பி ஏற்கெனவே நீட்டி நின்றால் மட்டும் கதை வேறு. நிற்கும் கம்பியில் மரை இயந்திரத்தைச் சாதாரணமாகக் கொண்டுபோக முடியாது. அந்த முதல் இணைப்புக்கு, பக்கவாட்டில் போல்ட் இறுக்கும் கப்ளரைக் கேளுங்கள். அது பருமனானது, அதற்கும் ஒருமுறை இடைவெளியை வரைந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.