மதிப்பீட்டில் வந்த குறைகளுக்கு எழுத்தில் பதில் கொடுப்பது எப்படி?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். இந்த வருட செயலாற்றுகை மதிப்பீட்டில் நிறையக் குறை எழுதியிருக்கிறார்கள். சிலது உண்மைதான், சிலது அநியாயம். ஒரு கிழமைக்குள் எழுத்தில் பதில் தரலாம் என்கிறார்கள். சண்டை பிடிக்காமல் எப்படி எழுதுவது? கையெழுத்து வைக்கலாமா?

பதில்:

கையெழுத்து வையுங்கள். அநேகமான படிவங்களில் அந்தக் கையெழுத்துக்கு 'வாசித்தேன், பெற்றுக்கொண்டேன்' என்பதுதான் பொருள். ஆனாலும் உங்கள் படிவத்தில் அந்த இடத்துக்கு மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று இருந்தால் பக்கத்தில் கையாலேயே, "பெற்றுக்கொண்டேன். எனது கருத்துகள் தனி இணைப்பில்" என்று எழுதித் திகதி போடுங்கள். கையெழுத்து வைக்க மறுத்தால் கோப்பில் உங்கள் கருத்து இருக்காது, 'மறுத்தார்' என்ற குறிப்புத்தான் இருக்கும்.

நான் வன்னியில் இப்படியான அலுவலகங்களில் நிர்வாகப் பக்கம் வேலை செய்கிறவன். நிறைய மதிப்பீட்டுப் பதில்கள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. சரிவராமல் போன பதில்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சறுக்கின. எழுதியவர் எண்ணிக்கையையும் காரணத்தையும் சேர்த்து மறுத்திருப்பார். எண்ணிக்கை சரியாக இருக்கும், காரணம்தான் பிழையாக இருக்கும். இரண்டையும் சேர்த்து மறுத்தால், வாசிக்கிறவர் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு, "இவர் நடந்ததையே ஒத்துக்கொள்ளவில்லை" என்று கடிதத்தை மூடிவிடுவார்.

ஒட்டுசுட்டான் பக்கம் விவசாயக் கிணறுத் திட்டம் ஒன்றைப் பார்த்த ஒரு தங்கச்சியின் கதையைச் சொல்கிறேன். அந்த வருடம் அவவுக்கு இலக்கு 20 கிணறு. டிசெம்பர் கடைசியில் முடிந்திருந்தது 11. மதிப்பீட்டில் மூன்று குறை வந்தது. 'போதிய பின்தொடர்தல் இல்லாததால் இலக்கு எட்டப்படவில்லை', 'மாதாந்த அறிக்கைகள் தொடர்ந்து பிந்துகின்றன', 'குழுவோடு ஒத்துழைப்புக் குறைவு'.

அவ முதலில் எழுதிய வரைவு நாலு பக்கம். மழை, றோட்டு, மோட்டார் சைக்கிள் திருத்தம், கணக்குப் பிரிவு, மேலாளர் மற்ற ஊழியர்களோடு நடந்துகொள்ளும் விதம் எல்லாம் அதில் இருந்தன. மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்க்க அப்படி ஒன்றை எழுதலாம், அதில் தப்பில்லை. அனுப்புவதற்கு வேறொன்று வேண்டும்.

முதலில் ஒத்துக்கொள்ளவேண்டியதை எடுத்தோம். அறிக்கை ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள் போகவேண்டும். அவவின் மின்னஞ்சலில் தேடிப்பார்த்தால் 12 அறிக்கைகளில் 5 பிந்தித்தான் போயிருந்தன. ஐந்து என்பது 'தொடர்ந்து' ஆகாது என்று வாதாட அவவுக்கு ஆசை. அதை வாதமாக்க வேண்டாம், எண்ணாகவே எழுது என்றேன். இப்படி வந்தது:

"கடந்த வருடத்தின் 12 மாதாந்த அறிக்கைகளில் 5 உரிய திகதிக்குப் பின்னரே என்னால் சமர்ப்பிக்கப்பட்டன. இதனால் திட்ட அலுவலகத்தின் தொகுப்பு அறிக்கை தாமதமானதை ஏற்றுக்கொள்கிறேன். ஜனவரி முதல் களத் தரவுகளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதிந்து வருகிறேன். ஜனவரி அறிக்கை 5ஆம் திகதிக்கு முன்னர் அனுப்பப்பட்டது."

இந்தப் பந்தியில் 'ஆனால்' என்ற சொல் இல்லை. வேண்டுமென்றே எடுத்தோம். களத்தில் சிக்னல் கிடைக்காது, கரண்ட் போய்விடும், எல்லாம் உண்மைதான். ஆனால் ஒத்துக்கொண்ட வசனத்துக்குப் பின்னால் காரணம் வந்தால் ஒத்துக்கொண்டது அழிந்துபோகும். சிக்னல்தான் உண்மையான தடை என்றால் அதைக் கடிதத்தின் கடைசியில் ஒரு வேண்டுகோளாக வையுங்கள். மாதக் கடைசியில் ஒரு நாள் அலுவலகத்தில் இருந்து வேலை செய்ய அனுமதி கேட்பது மாதிரி.

'தொடர்ந்து' என்ற சொல்லுக்கு அந்த 5 என்ற எண்ணே பதில். வாசிக்கிறவர் தானாகவே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

அப்புறம் கிணறு. இதுதான் கடிதத்தின் மையம். கிணறு எப்படி வெட்டுகிறார்கள் என்று தெரியாத ஒருவர் கொழும்பில் இருந்து இதை வாசிக்கக்கூடும் என்று நினைத்துத்தான் எழுதவேண்டும். இங்கே கிணறு வெட்டுவது கோடையில். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது வெட்டினால்தான் வறட்சியிலும் தண்ணீர் நிற்கும் ஆழத்துக்குப் போகலாம். மாரி தொடங்கினால் ஊற்று மேலே வந்துவிடும், மெசின் போட்டு இறைத்தாலும் குழியில் நின்று வேலை செய்ய ஏலாது, கட்டு வைக்காத பக்கம் சரியும். அதோடு ஒக்டோபரில் சனம் காலபோக விதைப்புக்கு வயலில் இறங்கிவிடும், வெட்ட ஆள் கிடைக்காது. திட்டத்தில் மே மாதம் வெட்டத் தொடங்குவதாக இருந்தது. பயனாளிகளுக்கு முதல் தவணைக் காசு வந்தது ஓகஸ்ட் இரண்டாம் கிழமை. கிடைத்த கொஞ்சக் காலத்தில் 11 முடிந்ததே பெரிய காரியம் என்பது என் எண்ணம். அதைக் கடிதத்தில் எழுத விடவில்லை.

அவ எழுதியது:

"20 கிணறுகளில் 11 முடிக்கப்பட்டன என்பது சரி. மீதி 9க்கும் காரணம் பின்தொடர்தல் குறைவு என்ற கருத்தை மீளப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலைத்திட்டத்தின்படி வெட்டுதல் மே மாதத்தில் தொடங்க வேண்டும். முதல் தவணை ஓகஸ்ட் இரண்டாம் வாரத்தில் பயனாளிகளுக்குக் கிடைத்தது. அதிலிருந்து மழை தொடங்கும் வரை 11 கிணறுகள் முடிக்கப்பட்டன. மழை தொடங்கிய பின் தோண்டுவது பாதுகாப்பற்றது என்பதால் மீதி 9 கோடைக்கு ஒத்திவைக்கப்பட்டன. கள வருகைப் பதிவின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது."

'தவணை கிடைத்தது' என்றுதான் இருக்கிறது. 'கணக்குப் பிரிவு தாமதப்படுத்தியது' என்று இல்லை. காசு ஏன் பிந்தியது என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. நன்கொடையாளர் பக்கம் பிந்தியிருக்கலாம், வங்கியில் நின்றிருக்கலாம். தெரியாத ஒன்றை எழுதினால் கணக்குப் பிரிவும் உங்களுக்கு எதிராகப் பதில் எழுதும், பேச்சு கிணற்றை விட்டு வேறெங்கோ போய்விடும். இரண்டு திகதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. "காசு பிந்தினால் இலக்கை எட்ட முடியாது என்று நான் பலமுறை சொன்னேன்" என்று அவவின் வரைவில் இருந்தது. எங்கே சொன்னாய் என்று கேட்டேன். ஜூன் மாதக் கூட்டத்தில் வாயால் சொன்னதாம். கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்தோம், அதில் ஒரு சொல்லும் இல்லை. 'பலமுறை சொன்னேன்' என்று எழுதி, மற்றப் பக்கம் 'எனக்கு நினைவில்லை' என்றால் கடிதம் முழுவதும் ஆட்டங்காணும். ஆகவே அந்த வசனத்தை மாற்றி, "இந்த இடர் பற்றி ஜூன் கூட்டத்தில் வாய்மொழியாகத் தெரிவித்தேன். அதை எழுத்தில் தந்திருக்க வேண்டும்; இனி அவ்வாறு செய்வேன்" என்று வைத்தோம். மறுக்கும் பகுதிக்குள்ளேயே தன் பக்கத்துப் பங்கையும் அளந்து சொன்னது மேலாளருக்கு மிகவும் பிடித்துப்போனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்றாவது குறை வெறும் பண்புச்சொல். 'ஒத்துழைப்புக் குறைவு' என்பதை எந்தச் சான்றாலும் மறுக்க முடியாது. "எல்லோரோடும் நல்லாத்தான் பழகுகிறேன்" என்று எழுதுவது வீண். சம்பவத்தைக் கேளுங்கள், அதுவும் முடிந்தால் எழுதுவதற்கு முன் நேரில்: "சேர், இந்த வசனத்தை எந்தச் சந்தர்ப்பத்தை வைத்து எழுதினீங்கள் என்று சொன்னால் எனக்குத் திருத்திக்கொள்ள உதவியாக இருக்கும்." அவவின் விடயத்தில் அது கிளிநொச்சியில் சனிக்கிழமை நடந்த கூட்டங்களுக்குப் போகாததுதான். இருட்டினால் திரும்பி வர பஸ் இல்லை. அது தெரிந்ததும் வசனம் சுருங்கிவிட்டது: "சனிக்கிழமைக் கூட்டங்களில் போக்குவரத்துக் காரணமாகப் பங்குபற்ற முடியவில்லை. தொலைபேசியில் இணைய விரும்புகிறேன்." நேரில் கேட்டும் சம்பவம் சொல்லவில்லை என்றால், "குறிப்பான சந்தர்ப்பங்களைத் தெரிவித்தால் பதிலளிப்பேன்" என்று ஒரு வரியோடு விட்டுவிடுங்கள்.

கடைசிப் பந்தியில் என்ன வேண்டும் என்று சொல்லவேண்டும். 'இந்த மதிப்பீட்டை ரத்துச் செய்யவும்' என்று கேட்டால் முடியாது என்று ஒரு வரியில் பதில் வரும். மாற்று வசனத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். அவ கேட்டது, 'போதிய பின்தொடர்தல் இல்லாததால்' என்ற இடத்தில் 'தவணை பிந்தியதாலும் மழையாலும்' என்று மாற்றும்படி. மேலாளருக்கு ஒரு சொற்றொடரை மாற்றுவது சுலபம், தோற்றுப்போன மாதிரியும் இருக்காது. கடைசியில் அந்தச் சொற்றொடர் மாறியது, மொத்தப் புள்ளி மாறவில்லை. பொதுவாக இவ்வளவுதான் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் கோப்பைத் திறக்கிறவர் வேறொருவராக இருப்பார். அவர் புள்ளியோடு காரணத்தையும் வாசிப்பார்.

முழுக் கடிதமும் ஒரு பக்கத்துக்குள் நிற்கட்டும். 'பாரபட்சம்', 'வேண்டுமென்றே', 'எப்போதும்' என்ற சொற்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். உண்மையிலேயே பாரபட்சமோ தொந்தரவோ நடந்திருந்தால் அதற்கு இந்தக் கடிதம் இடமில்லை, அது தனி முறைப்பாடு. எழுதிய அன்றிரவே அனுப்பவும் வேண்டாம். நான் சொல்வது தொண்டு நிறுவனம், தனியார் பக்கம். அரச உத்தியோகம் என்றால் தாபனக் கோவை இருக்கிறது, நடைமுறை வேறு.

நேரில் கொடுத்தால் ஒரு பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்கி வீட்டில் வையுங்கள். மின்னஞ்சல் என்றால் கடிதத்தை மட்டும் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி போடுங்கள், வேலையை விட்டால் அலுவலக மின்னஞ்சல் பூட்டப்பட்டுவிடும். பயனாளிகளின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள பதிவுகளைச் சொந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள். அது உங்கள் மேல் புதுக் குற்றச்சாட்டாக வரும்.