ஒரு கையில் பாரம், எதிர்ப் பக்கத்தில் வேலை

சைட் பிளாங்கில் இடது முழங்கையை ஊன்றுகிறேன். எந்தப் பக்கம் வேலை செய்கிறது? (மதுரை வாசகர்)

தரையை ஒட்டிய இடது பக்கம். ஒருக்களித்து உடம்பைத் தூக்கிப் பிடிக்கும்போது இடுப்பு கீழே தொங்கப் பார்க்கிறது. வயிற்றின் பக்கத் தசையான இடது ஆப்ளிக்கும், அதற்கும் உள்ளே முதுகெலும்பை ஒட்டி இருக்கும் குவாட்ரேட்டஸ் லம்போரம் தசையும் இடுப்பை விடாமல் பிடிக்கின்றன.

மூன்று நிமிடம் நிற்கிறேன். தோள்தான் வலிக்கிறது, இடுப்பில் ஒன்றும் தெரியவில்லை. (சேலம்)

யாரையாவது பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதல் நிமிடத்திலேயே இடுப்பு இறங்கியிருக்கும். முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்கட்டும். 10 விநாடி நின்று இறங்கி, மறுபடி ஏறுங்கள். பக்கத்துக்கு ஐந்தாறு தடவை போதும். வளைந்த நொடியில் நிறுத்துங்கள்.

ஒரு கையில் 20 கிலோ டம்பெல்லோடு நடப்பது பழகிவிட்டது. இரண்டு கையிலும் 20 எடுத்தால் பக்கத் தசைக்கு இரண்டு மடங்கு பலன்தானே? (கோவை)

இல்லை. ஏறக்குறைய பூஜ்யம்! எந்த ஜிம்முக்குப் போனாலும் இதே கூத்துதான். இரண்டு கையிலும் டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஆடுவார்கள், இடுப்பு இளைக்கிறதாம். தராசின் இரு தட்டிலும் ஒரே எடையை வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும்?

கணக்கைப் பாருங்கள். வலது கை டம்பெல் முதுகெலும்பிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. சாயாமல் இழுத்துப் பிடிக்கும் இடது ஆப்ளிக்குக்குக் கிடைப்பதோ 12 செ.மீ. நெம்புகோல். ஆக 20 கிலோவுக்கு ஈடுகொடுக்க அது சுமார் 50 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குவாட்ரேட்டஸ் இன்னும் உள்ளே, ஏழெட்டு செ.மீ. தூரத்தில் இருப்பதால் அதற்கு இன்னும் கஷ்டம். ஆனால் கடைசி விலாவிலிருந்து இடுப்பெலும்பு வரை, நடுவில் இடுப்புப் பகுதியின் மேல் நான்கு முள்ளெலும்புகளிலும் பற்றியிருப்பது அதுதான். பந்தல் கம்பத்துக்கு வெளிக்கயிறு ஆப்ளிக் என்றால், கணுவுக்குக் கணு கட்டு இது.

தசை இழுக்கும் அந்த 50-ம் டம்பெல்லின் 20-ம் சேர்ந்து முதுகை அழுத்துவது 70. இரண்டு கையிலும் 20 என்றால் பக்க இழுப்பே இல்லை, அழுத்தம் 40-தான். அதனால்தான் கனமான மளிகைப் பையை இரண்டாகப் பிரித்துத் தூக்கச் சொல்கிறேன். பயிற்சிக்கு மட்டும் ஒரு கை. தோள்கள் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். எடைக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்து நடந்தால் பாரம் முதுகெலும்பை நெருங்கிவிடும், தசை தப்பித்துவிடும். 20 மீட்டர் நடந்து கையை மாற்றுங்கள். சாய்ந்த நொடியில் நிறுத்துங்கள்.

பாரம் தூக்கி நடந்த மறுநாள் இடுப்பு வலி. என்ன செய்ய? (நெல்லை)

எந்தக் கையில் தூக்கினீர்கள், எத்தனை கிலோ, எந்தப் பக்கம் வலி? மூன்றும் கடிதத்தில் இல்லை. எதிர்ப்பக்கத்தில் தசைக் கடுப்பு என்றால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். வலி காலில் இறங்கினாலோ மரத்துப்போனாலோ எனக்கு எழுதாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

சைட் பிளாங்க் வலப்பக்கம் 40 விநாடி, இடப்பக்கம் 25. (தஞ்சை)

இடதில் தொடங்குங்கள். வலதையும் 25-லேயே இறக்கிவிடுங்கள்.